குடத்துக்குள் கைபோகும் முன்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா நெருங்கிவிட்டதென்று அறியக் கொடிமரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கோயிலுக்குக் கீழே உள்ள மைதானத்தில் யாராவது நாலு முளையடித்துச் சணல் கயிறு கட்டியிருந்தால் போதும். அந்தக் கயிற்றுக்குள் இருக்கும் எட்டடி நிலம் இனி அவருடையது. மறுநாள் காலையில் பக்கத்திலேயே இன்னொரு கயிறு இருக்கும். மூன்றாம் நாள் ஒருவருடைய முளையை இன்னொருவர் பிடுங்கியிருப்பார். அம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்குள் வளையல் கடைக்காரரும் கச்சான் கடைக்காரரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

கடைப் பிரச்சினைக்கு ஊரில் மூன்று வழிதான் உண்டு. முந்தியவனுக்கு இடம் என்பது கயிறு கட்டும் வழி. மலையில் கொழுந்து பறித்துவிட்டு நாலு மணிக்கு மேல் வீடு திரும்புகிறவருக்கு அது ஒருபோதும் வாய்க்காது. கூடக் கேட்டவனுக்கு இடம் என்பது ஏல வழி. கோயில் கணக்குக்கு அதில் பணம் நிறைய வரும். ஆனால் ஹற்றனிலிருந்தோ பலாங்கொடை ரோட்டாலோ வருகிற பெரிய வியாபாரி ஒருவர் முன்வரிசை முழுவதையும் மொத்தமாக எடுத்து, துண்டு துண்டாக உள்வாடகைக்கு விடுவதையும் அது தடுக்காது. மூன்றாவது வழி குலுக்கல். திருவுளச்சீட்டு என்று சொன்னால் இன்னும் கௌரவமாக இருக்கும். நம் நாட்டு உள்ளூராட்சிச் சபைகளில் தவிசாளர் தெரிவின்போது வாக்குகள் சமமாக விழுந்தால்கூட அதைத்தான் நாடுகிறார்கள்.

குலுக்கல் என்றதும் எல்லோரும் சம்மதிப்பார்கள். சண்டை அதற்குப் பிறகுதான் வரும். குடத்திலிருந்து சீட்டு வெளியே வந்த பின்னர்தான் ‘அவர் வீட்டில் மூன்று பேர் பெயர் கொடுத்தார்களாமே’, ‘அந்தச் சீட்டு மடிப்பு வேறு மாதிரி இருந்ததே’ என்றெல்லாம் தோன்றும். சீட்டுக் குலுக்கலின் நேர்மை, சீட்டு எடுக்கும் கையில் இருப்பதைவிட, எடுப்பதற்கு முன் தலைவர் எழுந்து நின்று பேசும் அரைமணி நேரப் பேச்சில்தான் அதிகம் இருக்கிறது. எனவே அந்தப் பேச்சையே எடுத்துக்கொள்வோம். இங்கே பேசும் தலைவர் எந்தத் தோட்டத்தின் தலைவரும் அல்லர். கெம்பியனிலோ கொட்டியாகலையிலோ லெட்சுமி தோட்டத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் கோயில் மண்டபத்தில் எழுந்து நிற்கக்கூடிய ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களும் உதாரணத்துக்குத்தான். மைதானத்தில் 20 கடைகளுக்கு இடம் இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தவர்கள் 32 பேர்.

“ஐயாமார், அம்மாமார், பிள்ளைங்க எல்லாரும் கொஞ்சம் கேட்டுக்கங்க. குடம் இந்தா இருக்கு. இப்ப யாரும் சீட்டு எடுக்கப் போறதில்ல. மொதல்ல எது குலுக்கல்ல வராதுன்னு சொல்லிப்புடுறேன்.”

இந்தத் தொடக்கத்தை நான் மெச்சுவேன். தேங்காய், கற்பூரம், அர்ச்சனைத் தட்டு விற்கும் கடை கோயிலுடையது, அது குலுக்கலில் சேராது. தேர் திரும்பும் மூலையில் பத்தடிக்குக் கடையே கிடையாது. குழாயடிக்குப் போகும் வழியை யாரும் மறிக்கக் கூடாது. மைதானத்துக்கு வெளியே பொது ரோட்டோரம் போடும் கடைகளைப் பற்றி முடிவெடுக்கத் தலைவருக்கோ கோயில் சபைக்கோ அதிகாரமில்லை, அது நோர்வூட் பிரதேச சபையின் காரியம். மைதானமே தோட்டக் கம்பெனியின் கையில் இருக்கும் காணி என்பதால் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருக்கிறது. இதையெல்லாம் முதலில் சொன்னால் விதி. குலுக்கல் முடிந்த பிறகு ‘அந்த மூலைக் கடை மட்டும் கோயிலுக்கு’ என்றால் அது சூழ்ச்சி. சொல்வது ஒன்றுதான், நேரம் மாறினால் அர்த்தம் மாறிவிடுகிறது.

அடுத்து, யார் சீட்டுப் போடலாம் என்பது. “ஒரு குடும்பத்துக்கு ஒரு சீட்டு” என்று சொல்லிவிட்டுத் தலைவர் உட்கார்ந்துவிடலாம். ஆனால் லயத்தில் குடும்பம் என்றால் என்ன? ஒரே காம்பராவில் தகப்பன், கலியாணம் முடித்த மூத்த மகன், அவன் பிள்ளைகள், கொழும்பிலிருந்து திருவிழாவுக்கு வந்த தம்பி என்று எல்லோரும் இருக்கிறார்கள். தனி வீடு கிடைக்காததால் ஒன்றாக இருப்பவர்களை ஒரே குடும்பமாகக் கணக்கெடுத்தால் மூத்த மகனுக்கு அநியாயம். ஆளுக்கொரு சீட்டு என்றால், காம்பராவில் ஆள் குறைவாக உள்ளவருக்கு அநியாயம். நம் தலைவர் இப்படி அறுக்கிறார்:

“காம்பரா கணக்கு வேணாம். அடுப்பு கணக்கு. தனியா ஒல வைக்கிற அடுப்பு எத்தனையோ அத்தனை சீட்டு. ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க ரெண்டு பேரு எழுதிக் குடுத்திருந்தா ஒண்ணை இப்பவே எடுத்துக்கங்க. வெளியூர்க்காரங்களுக்கு அடையாள அட்டையில உள்ள விலாசம். ஒரு விலாசத்துக்கு ஒண்ணு.”

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 இடங்களில் 6 இடம் அடுப்பு வைக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கு, 14 இடம் வளையல், பொம்மை, துணி, கச்சான் போன்ற சாமான் கடைகளுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். சாமான் கடைக்கு 23 பேர் கேட்டிருக்கிறார்கள். ஒழுங்காக நடந்தால் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு 23இல் 14, அதாவது நூற்றுக்கு 61. இப்போது ஒருவர் தன் பெயரோடு மனைவி பெயரிலும் மச்சான் பெயரிலும் சீட்டுப் போடுகிறார். குடத்தில் சீட்டு 25 ஆகிறது. மற்றவர்களின் வாய்ப்பு நூற்றுக்கு 56 ஆகக் குறைகிறது. அந்த மனிதருக்கு ஒரு கடையாவது கிடைக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 93. சாதாரணமாக அவருக்கு ஒன்றுக்கு மேலும் கிடைக்கும். மிஞ்சியதை யாருக்கு விற்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற 22 பேருக்கும் ஆளுக்கு ஐந்து வீதம்தான் குறைந்தது என்பதால் அவர்களில் ஒருவருக்கும் அது உறைக்காது. இந்தக் களவு இப்படித்தான் எல்லோர் பையிலிருந்தும் சில்லறையாக எடுக்கிறது.

இந்தச் சிக்கலை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே ஓர் ஊர் யோசித்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை. 919இல் ஒன்று, அதில் கண்ட குறைகளைத் திருத்தி 921இல் இன்னொன்று. அங்கே பங்கிட்டது கடையை அல்ல, ஊர் வாரியங்களின் பதவியை. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, குடும்புக்கு ஒருவராக 30 பேரை ஓலைச்சீட்டால் தெரிந்தெடுத்தார்கள். 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. அந்தத் தோட்டம் வேறு, நம் தோட்டம் வேறு என்றாலும் பெயரைப் படிக்கும்போது ஒரு சிரிப்பு வரத்தான் செய்கிறது.

பள்ளிக்கூடப் புத்தகம் இதைத் தேர்தல் முறை என்று பெருமையாகச் சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடும். எனக்குப் பிடித்தது அதன் சந்தேகப்புத்தி. யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்பதற்கே கல்வெட்டில் பெரும்பகுதி செலவாகிறது. வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைப் போடக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது. அந்த உறவுமுறைகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். மச்சான் பெயரில் சீட்டுப் போடும் வித்தை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

சீட்டெடுக்கும் முறையிலும் அதே கவனம். சிறுவர் முதல் பெரியவர் வரை சபையைக் கூட்டி, ஊரில் உள்ள கோயில் நம்பிமார் அனைவரையும் நடுவில் உட்கார வைக்கிறார்கள். அவர்களில் மூத்தவர் எல்லோருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுக்கிறான். அதை வேறொரு வெறுங்குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒரே ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுக்கிறான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் உள்ளே இன்னொரு ஓலை இருக்கலாம் அல்லவா? அவர் வாசித்த பிறகு அதே ஓலையை நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். ஒருவர் வாசித்து மற்றவர்கள் நம்பும் ஏற்பாடே அங்கு இல்லை.

நம் தலைவரிடம் திரும்புவோம். இப்போது அவர் இடத்தைப் பற்றிப் பேசுகிறார். எந்த மைதானத்திலும் 20 இடமும் ஒரே மாதிரி இராது. கோயில் படிக்கு எதிரே உள்ள நாலு இடத்தில் நிற்கிறவர் இரண்டாம் நாளே போட்ட முதலை எடுத்துவிடுவார். கீழ்க்கோடியில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தன் குரலே கேட்காது. சித்திரை மாதத்துப் பின்னேர மழைக்கு மேட்டிலிருந்து வரும் தண்ணீர் முழுவதும் அந்தக் கோடியில்தான் தேங்கும். ‘உங்களுக்குக் கடை விழுந்திருக்கிறது’ என்று சொல்லிவிட்டு இடத்தைப் பிறகு சபை தீர்மானிக்கும் என்றால், குலுக்கலை வாசலில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்துவிட்டதாகும்.

“அதனால ரெண்டு குடம். இந்தப் பித்தளைக் குடத்துல ஆள். அந்த எவர்சில்வர் குடத்துல எட நம்பர். ஒரு புள்ள ஆளை எடுக்கும், இன்னொரு புள்ள நம்பரை எடுக்கும். ரெண்டும் சேந்து வாசிச்சாத்தான் கடை. சமைக்கிறவங்களுக்குத் தனியா, சாமான் விக்கிறவங்களுக்குத் தனியா குலுக்குவோம். அடுப்புக் கடை ஆறும் குழாயடிப் பக்கம். பிஎச்ஐ ஐயா வந்து பாக்கணும், தண்ணி வேணும், துணிக்கடைப் பக்கம் நெருப்பு இருக்கக் கூடாது. அதுக்காகத்தான் பிரிச்சிருக்கு, வேற காரணம் இல்ல.”

இரண்டு குடம் என்பது வெறும் அலங்காரமில்லை. 1969 டிசம்பர் 1ஆம் திகதி வொஷிங்டனில் நடந்த ஒரு குலுக்கல் இதைப் பெரிய விலை கொடுத்துக் காட்டியது. வியட்நாம் போருக்கு எந்தப் பிறந்தநாள்காரர்களை முதலில் அழைப்பது என்று தீர்மானிக்க 366 நாட்களையும் தனித்தனியே பிளாஸ்டிக் குப்பிகளில் அடைத்தார்கள். தை மாதம் தொடங்கி மாத வாரியாகப் பெட்டியில் போட்டுக்கொண்டே போனார்கள். பிறகு சரியாகக் கலக்காமல் கண்ணாடிச் சாடியில் கொட்டி எடுத்தார்கள். கடைசியில் போட்ட மாதங்கள் முதலில் வந்து விழுந்தன. அந்த முறை 195ஆம் எண் வரை அழைத்தார்கள். டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் அந்த எண்ணுக்குள் அகப்பட்டுவிட்டன. யாரும் களவு செய்யவில்லை, கையை நன்றாக விட்டுக் கலக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த ஆண்டு நாட்களை ஒரு உருளையிலும் வரிசை எண்களை இன்னொரு உருளையிலும் போட்டு இரண்டையும் சுழற்றி எடுத்தார்கள். ஒன்றில் கலப்பு குறைந்தாலும் மற்றது அதைச் சரிக்கட்டிவிடும்.

நம் ஊர்க் குடத்தில் அந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கும். கழுத்துச் சிறுத்த தண்ணீர்க் குடத்தில் நாலாக மடித்த காகிதத்தைப் போட்டு இரண்டு தரம் குலுக்கினால் காகிதம் புரளாது, ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொண்டு அப்படியே கிடக்கும். கடைசியில் போட்டது மேலே இருக்கும். வாயகன்ற அண்டாவோ பெரிய பிளாஸ்டிக் வாளியோ நல்லது. உள்ளே முழங்கை வரை விட்டுக் கிளற முடிய வேண்டும். சீட்டெல்லாம் ஒரே கொப்பித் தாளில் ஒரே அளவில் வெட்டி, ஒரே பேனையால் எழுதி, ஒரே ஆள் மடிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மடித்தால் விரலே அடையாளம் கண்டுபிடித்துவிடும்.

பெயரை எழுதலாமா? தோட்டத்தில் ஒரே பெயரில் மூன்று நாலு பேர் இருப்பார்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடும். பற்றுச்சீட்டு இலக்கத்தை எழுதுவது மேல். ஆனால் இலக்கத்திலும் ஒரு பொறி உண்டு. 6ஐத் தலைகீழாகப் பிடித்தால் 9. அந்த இரண்டு இலக்கக்காரர்களும் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தால் அந்த ஒரு காகிதம் போதும் திருவிழாவை நிறுத்த. எண்ணின் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் எழுத்தாலும் எழுதிவிட்டால் தீர்ந்தது. சிங்கள வியாபாரிகளும் வந்திருப்பார்கள். இலக்கமாக இருந்தால் இரண்டு மொழியிலும் கூப்பிடலாம், பெயர் உச்சரிப்பில் சண்டை வராது.

இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது கேட்பார்: “தலைவரே, என் சீட்டை மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. பின்னாடி போனா நல்ல எடமெல்லாம் போயிடுமே?” எல்லாக் குலுக்கலிலும் வரும் கேள்வி இது. பதிலையும் தலைவர் கையோடு வைத்திருக்க வேண்டும். மூன்று சீட்டில் ஒன்றில் மட்டும் கடை இருக்கிறது என்று வையுங்கள். முதலில் எடுப்பவருக்கு மூன்றில் ஒன்று. இரண்டாமவருக்கு அது கிடைக்க வேண்டுமானால் முதல் ஆள் தவறவிட வேண்டும், அது மூன்றில் இரண்டு. பிறகு மிச்ச இரண்டில் அவர் சரியானதை எடுக்க வேண்டும், அது பாதி. இரண்டையும் பெருக்கினால் அதே மூன்றில் ஒன்று. மூன்றாமவருக்கும் அதுவேதான். முதலில் எடுத்தால் முதலில் தெரியும், அவ்வளவே. ஆனால் இது காகிதம் நன்றாகக் கலந்திருந்தால் மட்டும் உண்மை.

“இப்ப சீட்டு போடுறோம். ஒவ்வொரு இலக்கமா கூப்பிடுவோம். சீட்டை விரிச்சு ஒங்க கண்ணுக்குக் காட்டிட்டு மடிச்சுப் போடுவோம். இருபத்தி மூணும் போட்டாச்சான்னு எல்லாரும் சேந்து எண்ணுங்க. மொதல்ல குடத்தைக் கவுத்துக் காட்டுறேன், உள்ள ஒண்ணும் இல்ல. முக்கியமான விசயம், பதினாலு கடை விழுந்ததும் நிறுத்த மாட்டோம். கடைசிச் சீட்டு வரைக்கும் எடுத்து வாசிப்போம்.”

கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். பெரும்பாலான குலுக்கல்களில் வென்ற சீட்டுகளை வாசித்ததும் குடத்தைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விடுகிறார்கள். குடத்தில் மிச்சம் என்ன இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வேண்டாதவரின் சீட்டு உள்ளே போகவே இல்லை என்றால் அதை எப்படி அறிவது? வேண்டியவரின் சீட்டு இரண்டு கிடந்தால்? மிச்சச் சீட்டுகளையும் எடுத்து வாசித்தால்தான் 23 இலக்கமும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வந்ததா என்று தெரியும். ஒரு இலக்கம் வராமல் போனாலோ இரண்டு முறை வந்தாலோ அந்தக் குலுக்கல் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். இதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 15ஆவதாக வந்த சீட்டிலிருந்து கடைசி வரை உள்ள ஒன்பது பேரும் அதே வரிசையில் காத்திருப்போர் பட்டியலாகிவிடுகிறார்கள். கடை விழுந்தவர் சம்பள நாளுக்கு அடுத்த நாள் மாலை 5 மணிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் 15ஆம் ஆளுக்குப் போகும். அவரும் கட்டாவிட்டால் 16ஆம் ஆளுக்கு. இந்த வரிசை இல்லாத ஊரில் காலியான இடத்தைத் தலைவர் தன் விருப்பப்படி கொடுப்பார். அவர் நேர்மையாகவே கொடுத்தாலும் நம்ப ஆளிருக்காது.

கைமாற்றுப் பற்றியும் ஒரு சொல். கடை விழுந்தவர் தன் சீட்டை விற்க அனுமதித்தால் குலுக்கல் முடிந்த அன்றிரவே ஏலம் வேறு பெயரில் வந்துவிடும். பெரிய வியாபாரி கூட்டத்தில் சும்மா நின்றிருந்துவிட்டு, பிறகு லயம் லயமாகப் போய் வாங்கிக்கொள்வார். விற்கக் கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது, கடையில் நிற்கிறவர் யார் என்று திருவிழா முதல் நாள் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கடை விழுந்த இருவர் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ள விரும்பினால்? அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க ஆசைப்படலாம். அதில் யாருக்கும் நட்டமில்லை. நம் தலைவர் அதை அனுமதிக்கிறார். இருவரும் நேரில் வந்து சபைக் கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும், பணம் மாறக் கூடாது. பணம் மாறியதா என்பதைக் கண்டுபிடிக்க அவரிடம் வழியில்லை. அதைக் கண்டுபிடிக்க முடியும் என்று அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

குலுக்கலால் செய்ய முடியாததும் உண்டு. பத்து வருடமாக அதே மூலையில் பஞ்சு முட்டாய் விற்ற கிழவருக்கு இந்த முறை ஒன்றும் விழாமல் போகலாம். குடத்துக்கு அவரைத் தெரியாது. அவருக்கு ஓர் இடம் ஒதுக்க வேண்டுமென்று ஊர் நினைத்தால் சீட்டுப் போடுவதற்கு முன் கை தூக்கி முடிவு செய்து, 14ஐ 13 ஆக்கிவிட்டுத்தான் குலுக்க வேண்டும். விழாத பிறகு இரக்கப்பட்டு 15ஆவது கடை போட்டால் அடுத்த ஆண்டு எல்லோரும் இரக்கத்துக்குரியவர்களாகிவிடுவார்கள். தலைவர் இதையும் கேட்டுவிட்டார். கூட்டம் கொஞ்ச நேரம் முணுமுணுத்தது. கிழவரே எழுந்து, எனக்கும் ஒரு சீட்டுப் போடு, போதும் என்றார்.

“சரி. சீட்டெடுக்க ரெண்டு புள்ளைங்க வேணும். விண்ணப்பம் குடுத்தவங்க வீட்டுப் புள்ள வேணாம். என் வீட்டுப் புள்ளயும் வேணாம். எழுதப் படிக்கத் தெரியாத சின்னப் புள்ளயா பாத்து அனுப்புங்க. சட்டைக் கைய முழங்கைக்கு மேல மடிச்சு விடுங்க. வாத்தியார் ஐயா, நீங்க வாசிங்க. ஒங்களுக்குப் பின்னாடி சிங்களத்துல வாசிக்க அந்த முதலாளி வரட்டும். சீட்டை வாங்குறப்ப கைய நல்லா விரிச்சு வாங்கணும். எங்க, விரிச்சுக் காட்டுங்க பாப்போம்.”